கண் சிவந்திருந்தால் ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பது?

மாலை வகுப்பில் ஒருநாள் ஒரு கேள்வி கேட்டேன். "உங்கள் தோழி அறைக்குள் வருகிறாள். கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது, இமை வீங்கியிருக்கிறது. 'என்னடி, அழுதிருக்கே?' என்று கேட்கிறீர்கள். இதையே ஆங்கிலத்தில் கேளுங்கள்."

வெளிநாட்டு மருத்துவமனை வேலைக்காக ஆங்கிலத் தேர்வு எழுதப்போகும் செவிலியர்கள் அவர்கள். இலக்கணம் நன்றாகவே படித்தவர்கள். ஏறக்குறைய எல்லோரிடமிருந்தும் ஒரே பதில் வந்தது: "யூ ஹேவ் க்ரைட்." ஒருவர் மட்டும் "யூ வேர் க்ரையிங்" என்றார்.

வினைச்சொல்லின் வடிவத்தைப் பார்த்தால் இரண்டிலும் பிழை கிடையாது. ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் ஒருவர் அந்தக் கண்ணைப் பார்த்ததும் அப்படிச் சொல்லமாட்டார். "யூ ஹேவ் பீன் க்ரையிங்" என்பார். தோழி அழுகையை நிறுத்திவிட்டாள். முகம்கூடக் கழுவிவிட்டாள். பிறகு எதற்கு அந்த "பீன் க்ரையிங்"? "கன்டினியூவஸ் என்றால் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்றுதானே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?" என்று ஒருவர் கேட்டார். அந்த மாதம் வகுப்பில் எழுந்த மிக நல்ல கேள்வி அதுதான். அதற்கான பதிலைத் தேடினால் ஆங்கிலத்தின் இரண்டு வினைவடிவங்கள் பிடிபடும். நம் தமிழ் வினைகளைப் பற்றியும் சில விஷயங்கள் தெரியவரும்.

முதலில் அந்த இரண்டையும் அடையாளம் காட்டிவிடுகிறேன். "ஹேவ்" அல்லது "ஹேஸ்" என்ற சொல்லுக்குப் பின் வினையின் மூன்றாம் வடிவம் வந்தால் அது பிரசன்ட் பெர்ஃபெக்ட். "ஐ ஹேவ் ரிட்டன்", "ஷி ஹேஸ் ஈட்டன்" என்பவை அந்த வகை. நடுவில் "பீன்" நுழைந்து, வினை "இங்" என்று முடிந்தால் அது பிரசன்ட் பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ். "ஐ ஹேவ் பீன் ரைட்டிங்", "ஷி ஹேஸ் பீன் ஈட்டிங்" என்பவை இந்த வகை. இனி முதலாவதை சிம்பிள் என்றும் இரண்டாவதை கன்டினியூவஸ் என்றும் சொல்கிறேன்.

இரண்டும் கடந்த காலத்தில் தொடங்கிய ஒன்றை இந்த நிமிடத்தோடு கட்டுகின்றன. எதைக் கொண்டு கட்டுகின்றன என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. அதைக் காட்ட நான் வகுப்பில் எப்போதும் எடுப்பது கோலம்.

மார்கழி காலை. வாசலில் ஒரு பெண் புள்ளி வைத்துக் கோலம் போடுகிறாள். பாதிக் கோலத்தில் உள்ளே பால் பொங்குகிறது. எழுந்து ஓடுகிறாள். அவள் விரல் நுனியெல்லாம் வெள்ளை மாவு. புடவை ஓரத்திலும் மாவு. மாமியார் பார்த்து, "என்னம்மா, கையெல்லாம் மாவு?" என்கிறார். அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வதாக வைத்துக்கொள்வோம். "ஐ ஹேவ் பீன் ட்ராயிங் த கோலம்" என்பாள். பாலை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப்போய் மிச்சத்தை முடித்து, காவி பூசி, பூசணிப்பூ வைத்துவிட்டு வந்து, "வாசலைப் பாருங்க அத்தை" என்று சொல்லும்போது அதே வேலைக்கு வேறு வாக்கியம் வந்துவிடும்: "ஐ ஹேவ் ட்ரான் த கோலம்."

இரண்டு நேரத்திலும் கண்ணுக்குத் தெரியும் ஒரு விளைவு இருக்கிறது. முதல் முறை தெரிந்தது விரலில் ஒட்டிய மாவு. மாவு ஒட்டவேண்டும் என்று யாரும் கோலம் போடுவதில்லை. வேலை நடந்த வழியில் சிந்திய தடயம் அது. இரண்டாம் முறை தெரிந்தது வாசலில் முழுசாக நிற்கும் கோலம். அந்த வேலை எதற்காகத் தொடங்கப்பட்டதோ அதுவே அங்கே கிடைத்துவிட்டது. தடயத்தைக் காட்டிப் பேசும்போது ஆங்கிலம் கன்டினியூவஸை எடுக்கிறது. முடிந்த பொருளைக் காட்டிப் பேசும்போது சிம்பிளை எடுக்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். தடயம் பெரும்பாலும் வேலை செய்தவர் மேல்தான் இருக்கும். வியர்வை, மூச்சிரைப்பு, கறை பட்ட சட்டை, வெங்காய வாசம், சிவந்த கண் எல்லாம் செய்தவர் உடம்பில் தெரிபவை. முடிவோ செய்யப்பட்ட பொருளில் இருக்கும். கழுவிய பாத்திரம், பூசிய சுவர், தைத்த ரவிக்கை எல்லாம் அப்படி. ஆளைப் பார்த்துப் பேசுகிறோமா, பொருளைப் பார்த்துப் பேசுகிறோமா என்று கேட்டாலே பாதி வாக்கியங்கள் சரியாகிவிடும். சாலை ஈரமாகக் கிடப்பதைப் பார்த்து "இட் ஹேஸ் பீன் ரெய்னிங்" என்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். மழைக்குச் செய்து முடிக்கவேண்டிய பொருள் ஏதுமில்லை. அது விட்டுப்போவது ஈரத்தை மட்டுமே.

இதற்குப் பின்னால் உள்ள காரணத்தைத் தெளிவாக எழுதிவைத்தவர் சீனோ வெண்ட்லர். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் தத்துவம் கற்பித்தவர். 1957இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை, வினைச்சொற்களுக்குள் முடிவுப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து அவற்றை நான்கு வகையாகப் பிரித்தது. வண்டி தள்ளுகிறவர் பாதியில் நிறுத்தினாலும் வண்டி தள்ளியவர்தான். வட்டம் வரைகிறவர் பாதியில் நிறுத்தினால் வட்டம் வரைந்தவராகமாட்டார். தள்ளுதலுக்குள் முடிவு என்று ஒன்று இல்லை. வட்டம் வரைதலுக்குள் இருக்கிறது. நம் கோலம் வட்டத்தின் வகை. அழுகை வண்டியின் வகை.

இப்போது சிவந்த கண்ணுக்குத் திரும்பலாம். "யூ ஹேவ் க்ரைட்" என்பது ஏன் ஒட்டவில்லை என்று புரியும். சிம்பிள் வடிவம் ஏதோ ஒன்று நிறைவேறிவிட்டது என்று காட்ட வருகிறது. அழுகையில் நிறைவேற ஒன்றும் இல்லை. சிவந்த கண் அழுகையின் குறிக்கோள் கிடையாது, அது விட்டுப்போன தடயம். தடயத்தைப் பார்த்துப் பேசுகிறோம் என்பதால் "யூ ஹேவ் பீன் க்ரையிங்."

ஆக, கன்டினியூவஸ் என்றால் இன்னும் நடக்கிறது என்று பொருள் கொள்ளவேண்டியதில்லை. செயலின் ஓட்டத்தைக் காட்டுவதுதான் அதன் வேலை. ஓட்டம் இன்னும் இருக்கிறதா, இப்போதுதான் நின்றதா என்பதை வாக்கியத்தின் மற்ற சொற்களும் சூழலும் சொல்லும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நின்றிருந்தால் சற்றுமுன்தான் நின்றிருக்கவேண்டும். மாவு விரலில் இருக்கும்வரைதான் அந்த வாக்கியத்துக்கு உயிர். போன பொங்கலுக்குப் போட்ட கோலத்தைப் பற்றி "ஹேவ் பீன் ட்ராயிங்" என்று பேசமுடியாது.

நாம் இங்கே தடுக்கி விழுவதற்குக் காரணம் நம் அறியாமை அல்ல, தமிழின் வளம். ஆங்கிலம் ஒரே வடிவத்தால் செய்யும் வேலையைத் தமிழ் பல வடிவங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. தடயத்தைப் பார்த்து ஊகிக்கும்போது நாம் "இருக்கிறது" என்ற துணைவினையைச் சேர்க்கிறோம். "ராத்திரி மழை பெய்திருக்கு", "நீ அழுதிருக்கே" என்கிறோம். கேட்டதற்குச் செய்தவரே பதில் சொல்லும்போது "இருந்தேன்" வருகிறது. "என்ன சட்டையெல்லாம் பெயின்ட்?" என்றால் "ஜன்னலுக்குப் பெயின்ட் அடிச்சிட்டு இருந்தேன்" என்கிறோம். முதலாவதை அப்படியே மாற்றினால் "யூ ஹேவ் க்ரைட்" வரும். இரண்டாவதை அப்படியே மாற்றினால் "ஐ வாஸ் பெயின்டிங்" வரும். வகுப்பில் கிடைத்த இரண்டு பதில்களும் இந்த இரண்டு வாசல் வழியாக வந்தவைதான்.

"ஐ வாஸ் பெயின்டிங்" என்பதை முழுத் தவறென்று ஒதுக்க முடியாது. ஆனால் அது கேட்பவரை நேற்றைக்கோ அன்று காலைக்கோ கூட்டிக்கொண்டு போய்விடும். "எப்போது? அப்போது என்ன ஆனது?" என்று அவர் அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருப்பார். "ஐ ஹேவ் பீன் பெயின்டிங்" என்றால் பார்வை இந்த நிமிடத்துச் சட்டையிலேயே நிற்கும்.

ஒரு சின்ன எச்சரிக்கையும் சொல்லவேண்டும். "ஹேவ் யூ பீன் ட்ரிங்கிங்?" என்று எதைக் குடித்தது என்று சொல்லாமல் கேட்டால், ஆங்கிலத்தில் அது மதுவைப் பற்றிய கேள்வி. வாசத்தையோ தள்ளாட்டத்தையோ பார்த்துக் கேட்பதாக ஆகிவிடும். நோயாளியிடம் கேட்கும் செவிலியர் "வாட்டர்" என்ற சொல்லை விடாமல் சேர்க்கவேண்டும்.

தடயத்தின் கதை இது. இனி கால அளவுக்கு வருவோம். தமிழர்கள் ஆங்கிலத்தில் அதிகமாகச் செய்யும் பிழை இங்கேதான் இருக்கிறது: "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்."

இதன் தமிழ் மூலம் எல்லோருக்கும் தெரியும். "பத்து வருஷமா இங்கே வேலை செய்றேன்." தமிழில் வினை நிகழ்காலத்தில் சும்மா நிற்கிறது. பின்னோக்கி நீளும் பத்து ஆண்டுகளை "வருஷமா" என்பதில் உள்ள "ஆக" என்ற ஒட்டு தனியாகச் சுமக்கிறது. ஜெர்மனும் பிரெஞ்சும் ஏறக்குறைய இப்படித்தான். கால அளவைச் சொல்ல ஒரு சொல், வினைக்கு வெறும் நிகழ்காலம். ஆங்கிலம் அதற்கு ஒத்துக்கொள்ளாது. வாக்கியம் பின்னோக்கி நீண்டால் வினையும் நீளவேண்டும், அதாவது "ஹேவ்" உள்ளே வரவேண்டும். "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்" என்பதே சரி. "ஆம்" என்பது இன்றைக்கு மட்டும்தான் போகும்.

"சின்ஸ்" ஏன் "ஃபார்" ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீளத்தைச் சொன்னால் "ஃபார்", தொடங்கிய இடத்தைச் சொன்னால் "சின்ஸ்". பத்து ஆண்டு, மூன்று மணி நேரம், ஒரு வாரம் எல்லாம் நீளங்கள். 2015, திங்கட்கிழமை, காலை ஆறு மணி, கல்யாணம் ஆனது எல்லாம் தொடங்கிய இடங்கள். தமிழில் "முதல்" அல்லது "இலிருந்து" சேருமானால் "சின்ஸ்". "ஆக" சேருமானால் "ஃபார்".

கால அளவு வாக்கியங்களுக்குத் தமிழிலேயே ஒரு நல்ல உரைகல் இருக்கிறது. அது நம் தினசரிகளின் நடையில் தினமும் கண்ணில் படுகிறது. "இவர் கடந்த 10 ஆண்டுகளாக மதுரையில் வசித்து வருகிறார்." "போலீசார் விசாரித்து வருகின்றனர்." "மூன்று நாட்களாகக் கனமழை பெய்து வருகிறது." அந்த "வருகிறார்", "வருகிறது" என்பதுதான் ஆங்கிலத்தின் "ஹேஸ் பீன்" கன்டினியூவஸுக்கு மிக நெருங்கிய சொந்தம். எங்கிருந்தோ கிளம்பி இந்த நிமிடம்வரை வந்து சேர்கிற ஓட்டம் அந்த "வரு" என்ற வேரிலேயே இருக்கிறது. கால அளவு உள்ள ஒரு வாக்கியத்தில் "செய்து வருகிறார்" என்று போட்டுப் பாருங்கள். பொருள் கெடாமல் உட்கார்ந்தால் ஆங்கிலத்தில் பெரும்பாலும் "ஹேஸ் பீன்" சேர்த்து "இங்" போடலாம்.

மாறாக, தமிழில் "விட்டார்" உட்கார்ந்தால் அது சிம்பிள். "கடிதம் எழுதிவிட்டாள்" என்பது "ஷி ஹேஸ் ரிட்டன் த லெட்டர்". "விடு" என்பது முடிந்ததைக் குறிக்கும் துணைவினை. கோலத்தை முடித்தவள் தமிழில் "போட்டுட்டேன்" என்றுதான் சொல்வாள்.

உரைகல் எல்லா இடத்திலும் பலிக்காது. இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முதல் இடம், செயலாக இல்லாமல் நிலையாக இருக்கும் வினைகள். தெரிந்திருத்தல், உடைமையாக இருத்தல், பிடித்திருத்தல் போன்றவற்றுக்கு ஓட்டம் கிடையாது. வெண்ட்லரின் நான்கு வகைகளில் இவை ஒரு தனி வகை. எவ்வளவு காலமானாலும் ஆங்கிலம் இவற்றுக்கு "இங்" போடாது. "எனக்கு அவரை இருபது வருஷமா தெரியும்" என்பது "ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் ட்வென்டி இயர்ஸ்". "பீன் நோயிங்" என்று ஒன்று இல்லை. "அவருக்குச் சர்க்கரை நோய் இருந்து வருகிறது" என்று தமிழில் சொல்லலாம். ஆங்கிலத்தில் "ஹி ஹேஸ் ஹாட் டயாபிட்டீஸ்" என்றுதான் வரும். ஆனால் தலைவலி விட்டுவிட்டு வருகிறதென்றால் அது நிலையாக இல்லாமல் திரும்பத் திரும்ப நிகழ்வதாகிறது. அப்போது "ஷி ஹேஸ் பீன் ஹேவிங் ஹெட்எய்க்ஸ்" சரிதான்.

இரண்டாவது இடம், வசித்தல், வேலை செய்தல், கற்பித்தல் போன்ற வினைகள். இவற்றில் கால அளவு சொல்லும்போது இரண்டு வடிவமும் செல்லும். "ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்" என்றாலும் "ஐ ஹேவ் பீன் லிவிங் ஹியர்" என்றாலும் செய்தி ஒன்றே. இரண்டாவது கொஞ்சம் தற்காலிகமாக ஒலிக்கலாம், அவ்வளவுதான். ஆனால் கால அளவை எடுத்துவிட்டால் வேறுபாடு பெரிதாகும். வேலைக்கு விண்ணப்பிக்கிற செவிலியர் "ஐ ஹேவ் வொர்க்ட் இன் ஐசியு" என்று எழுதினால், வாழ்க்கையில் எப்போதோ அங்கே வேலை பார்த்த அனுபவம் உண்டு என்று பொருள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாரா என்பது தெரியாது. "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் இன் ஐசியு சின்ஸ் 2021" என்று எழுதினால் இன்றுவரை அங்கே இருக்கிறார் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

கால அளவு ஒரு பக்கம் இருக்க, எண்ணிக்கை வந்தால் கதை மாறிவிடும். எவ்வளவு நேரம் என்ற கேள்விக்குக் கன்டினியூவஸ் பதில் சொல்லும். எத்தனை, எவ்வளவு என்ற கேள்விக்கு சிம்பிள்தான் பதில் சொல்லும். காலையிலிருந்து இட்லி ஊற்றிக்கொண்டிருக்கும் ஒருவர் "ஐ ஹேவ் பீன் மேக்கிங் இட்லிஸ் சின்ஸ் ஃபைவ்" என்று சொல்லலாம். இதுவரை எண்பது ஆகிவிட்டது என்றால் "ஐ ஹேவ் மேட் எய்ட்டி" என்றுதான் சொல்லவேண்டும். எண்பது இட்லியும் தனித்தனியாக வெந்து தட்டில் இறங்கிவிட்டவை. எண்ணுவதற்கு முடிந்திருக்கவேண்டும். அதனால்தான் எண்ணிக்கையும் ஓட்டமும் ஒரே வினையில் சேர்வதில்லை. வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கலாம், அதைப் பற்றி அந்த எண் கவலைப்படுவதில்லை.

இத்தனையும் ஒரே இடத்தில் வந்து மோதுவதை என் மாணவிகள் எழுதும் கடிதங்களில் பார்க்கிறேன். பிரிட்டனில் பதிவு பெற விரும்பும் செவிலியர்கள் எழுதக்கூடிய தேர்வுகளில் ஒன்று ஓஇடி. அதன் எழுத்துப் பகுதிக்கு 45 நிமிடம். முதல் 5 நிமிடம் நோயாளியைப் பற்றிய குறிப்புகளைப் படிக்கவேண்டும். மீதி நேரத்தில் அந்தக் குறிப்புகளை வைத்து, அடுத்துப் பார்க்கப்போகும் மருத்துவருக்கோ செவிலியருக்கோ சுமார் 180 முதல் 200 சொற்களில் கடிதம் எழுதவேண்டும். குறிப்புகள் தந்தி மாதிரி துண்டு துண்டாக இருக்கும். அவற்றுக்கு வினை கொடுப்பது எழுதுகிறவர் பொறுப்பு. நான் வகுப்புக்காக எழுதிய ஒரு குறிப்பைத் தமிழில் தருகிறேன்.

நோயாளி 62 வயது ஆண். சர்க்கரை நோய், 12 ஆண்டு. மெட்ஃபார்மின், தினம் இரண்டு வேளை. வாந்தி, 3 நாள்; இன்று காலையிலிருந்து 4 முறை. எடை குறைகிறது, 2 மாதத்தில் 5 கிலோ. இந்த வாரம் இரண்டு முறை கீழே விழுந்தார். பாராசிட்டமால் கொடுத்தாயிற்று.

முதல் குறிப்பு எளிது. நோய் ஒரு நிலை. அதனால் "ஹி ஹேஸ் ஹாட் டயாபிட்டீஸ் ஃபார் ட்வெல்வ் இயர்ஸ்."

இரண்டாவதில் ஒரு மாணவி "ஹி ஹேஸ் டேக்கன் மெட்ஃபார்மின்" என்று எழுதினார். இலக்கணம் சரி, மருத்துவம் மாறிப்போகிறது. கடிதத்தைப் படிக்கும் மருத்துவர், மாத்திரை உள்ளே போய்விட்டது, இந்த வேளைக்கு முடிந்தது என்று எடுத்துக்கொள்ளக்கூடும். குறிப்பு சொல்வதோ அன்றாடப் பழக்கத்தை. "மாத்திரை சாப்பிட்டுவிட்டார்" என்பது வேறு, "மாத்திரை சாப்பிட்டு வருகிறார்" என்பது வேறு. "ஹி ஹேஸ் பீன் டேக்கிங் மெட்ஃபார்மின் ட்வைஸ் எ டே" என்றால் பழக்கம். இன்று காலை வேளை உள்ளே போயிற்றா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அதைத் தனியாகச் சொல்லவேண்டும்.

வாந்திக் குறிப்பில் நீளமும் எண்ணிக்கையும் சேர்ந்தே வருகின்றன. ஒரே வாக்கியத்தில் இரண்டு வடிவமும் வேலை செய்யும்: "ஹி ஹேஸ் பீன் வாமிட்டிங் ஃபார் த்ரீ டேஸ் அண்ட் ஹேஸ் வாமிட்டட் ஃபோர் டைம்ஸ் சின்ஸ் திஸ் மார்னிங்." மூன்று நாள் ஓட்டம், நான்கு முறை எண்ணிக்கை. எடையும் இப்படியே. "ஹி ஹேஸ் பீன் லூசிங் வெயிட்" என்றால் இறங்கிக்கொண்டே வருகிறது. "ஹி ஹேஸ் லாஸ்ட் ஃபைவ் கிலோஸ்" என்றால் இதுவரை போனதின் கணக்கு.

விழுந்ததில் கவனம் அதிகம் வேண்டும். விழுவது கண நேரத்தில் முடியும் வினை. அதற்கு நீளம் இல்லை. நீளமில்லாத வினையைக் கன்டினியூவஸில் போட்டால் ஆங்கிலம் அதைத் திரும்பத் திரும்ப நடப்பதாகப் படித்துக்கொள்ளும். "ஹி ஹேஸ் ஃபாலன் ட்வைஸ் திஸ் வீக்" என்பது இரண்டு சம்பவம். "ஹி ஹேஸ் பீன் ஃபாலிங்" என்பது அடிக்கடி விழுகிற மனிதர். ஒருமுறை மட்டும் விழுந்த நோயாளியைப் பற்றி இரண்டாவதை எழுதிவிட்டால், படிப்பவர் மனதில் வேறொரு நோயாளி உருவாகிவிடுவார்.

கடைசிக் குறிப்பில் ஒரு பொறி இருக்கிறது. "ஹி ஹேஸ் பீன் கிவன் பாராசிட்டமால்" என்பது சரி. இதிலும் "பீன்" இருக்கிறது. ஆனால் இந்த "பீன்" செயப்பாட்டு வினைக்கானது. அவருக்குக் கொடுக்கப்பட்டது என்று பொருள். பழக்க தோஷத்தில் "பீன்" வந்ததும் "இங்" சேர்த்து "ஹேஸ் பீன் கிவிங்" என்று எழுதுபவர்கள் உண்டு. அப்படி எழுதினால் நோயாளி மற்றவர்களுக்கு மாத்திரை கொடுத்து வருகிறார் என்றாகிவிடும். இன்னொன்று, குறிப்பில் காலை எட்டு மணி என்று நேரம் போட்டிருந்தால் "ஹேஸ்" முழுதாக விலகவேண்டும். "ஹி வாஸ் கிவன் பாராசிட்டமால் அட் எய்ட்" என்ற இறந்தகாலமே சரி. முடிந்துபோன ஒரு குறிப்பிட்ட நேரத்தோடு இந்த இரண்டு வடிவங்களில் எதுவுமே சேராது.

மெட்ஃபார்மின் வாக்கியத்தை மாற்றி எழுதிய மாணவியிடம், எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டேன். "தமிழ்ல சொல்லிப் பார்த்தேன் சார். வார்டுல அவரைப் பத்தி டாக்டர்கிட்ட சொல்றப்ப 'சாப்பிட்டுட்டார்'னு சொல்வேனா, 'சாப்பிட்டு வர்றார்'னு சொல்வேனான்னு யோசிச்சேன். அப்புறம் எழுதினேன்" என்றார்.

அதற்குப் பிறகு வகுப்பில் முதல் நாளிலேயே தமிழ் வாக்கியங்களைத்தான் பலகையில் எழுதுகிறேன். ஒரு பக்கம் "வருகிறார்", மறுபக்கம் "விட்டார்". நடுவில், இரண்டிலும் சேராமல், "நீ அழுதிருக்கே". அதற்கு நேராக மட்டும் ஆங்கிலத்தை எழுதாமல் இடம் விட்டுவைக்கிறேன். மாவு ஒட்டிய விரலைப் பற்றிப் பேசி முடித்ததும் யாராவது ஒருவர் எழுந்துவந்து அந்த இடத்தை நிரப்பிவிடுகிறார்.